பைனாகுலர் கையில், எந்தப் புத்தகம் பையில்?

வானம் பார்க்கத் தொடங்கும் ஒருவருக்குப் பலரும் சிபாரிசு செய்யும் புத்தகம் ‘டர்ன் லெஃப்ட் அட் ஓரியன்’. கை கன்சோல்மாக்னோவும் டான் டேவிஸும் எழுதி 1989-இல் வெளிவந்தது. அருமையான புத்தகம்தான். ஆனால் அது முக்கியமாகச் சிறிய தொலைநோக்கி வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. தொலைநோக்கியில் பிம்பம் தலைகீழாகவோ இடவலம் மாறியோ தெரியும் என்பதால், அதில் உள்ள பல படங்களும் அப்படியே வரையப்பட்டிருக்கின்றன. பைனாகுலரோ வானத்தை நேராகவே காட்டும். வெறும் பைனாகுலரோடு அந்தப் படங்களைப் பார்ப்பவர் குழம்பிப்போவார்.

பைனாகுலர்காரருக்கு இரண்டு புத்தகங்கள் போதும். எதைப் பார்ப்பது என்று சொல்ல ஒன்று, அது எங்கே இருக்கிறது என்று காட்ட இன்னொன்று. முதல் வேலைக்கு கனடாக்காரரான கேரி செரோனிக்கின் ‘பைனாகுலர் ஹைலைட்ஸ்’ பொருத்தமானது. ‘ஸ்கை அண்ட் டெலஸ்கோப்’ இதழில் அவர் எழுதிவந்த பத்தியிலிருந்து உருவான புத்தகம் இது. 2006-இல் 99 காட்சிகளோடு வந்தது, இரண்டாம் பதிப்பில் 109 ஆனது. இரண்டாவது வேலைக்கு ரோஜர் சின்னாட்டின் ‘பாக்கெட் ஸ்கை அட்லஸ்’. 80 வரைபடங்களில் வடக்கும் தெற்குமாக முழு வானமும் இதில் அடங்கிவிடுகிறது.

அட்லஸைப் பிரித்ததும் செய்யவேண்டிய ஒரு வேலை உண்டு. பைனாகுலரின் உடம்பில் ‘114m/1000m’ என்பது போல ஏதாவது எழுதியிருக்கும். முதல் எண்ணை 17.5-ஆல் வகுத்தால், அதில் ஒரே நேரத்தில் தெரியும் வானத்தின் அகலம் பாகையில் கிடைக்கும். இங்கே விடை 6.5 பாகை. வரைபடத்தின் ஓரத்தில் உள்ள பாகை அளவைப் பார்த்து, அதே விட்டத்தில் மெல்லிய கம்பியை வளையமாக முறுக்கிக்கொள்ள வேண்டும். வரைபடத்தில் எங்கே வளையத்தை வைத்தாலும், அதற்குள் இருப்பதுதான் பைனாகுலரில் தெரியப்போவது.

இனி, தமிழ்நாட்டு வாசகர் தானே திருத்திப் படிக்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் வரும் இத்தகைய புத்தகங்களில் பெரும்பாலானவை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் வானத்தை வைத்து எழுதப்பட்டவை. ‘அடிவானத்தை ஒட்டித் தெரியும்’ என்று அவை சொல்லும் தெற்குப் பொருள்கள் நமக்கு நல்ல உயரத்தில் இருக்கும். எவ்வளவு உயரம் என்பது எளிய கணக்கு. ஊரின் அட்சரேகையையும், அந்தப் பொருளுக்கு அட்லஸ் காட்டும் தெற்குப் பாகையையும் கூட்டி 90-இலிருந்து கழித்தால், அது உச்சத்தில் இருக்கும்போது தெரியும் உயரம் வந்துவிடும்.

எம்7 என்ற நட்சத்திரக் கொத்தை எடுத்துக்கொள்வோம். அது தெற்கே 35 பாகையில் இருக்கிறது. லண்டனின் அட்சரேகை 51.5. அங்கே எம்7 அடிவானத்துக்கு மேல் 3.5 பாகைதான் எழும்பும், மரமும் கட்டிடமும் மறைத்துவிடும். சென்னையின் அட்சரேகை 13. இங்கே அதன் உயரம் 42 பாகை, கிட்டத்தட்ட பாதி வானம்.

ஆகஸ்ட் தொடக்கத்தில், நிலவில்லாத இரவில், 9 மணி வாக்கில் தெற்கே பார்த்தால் விருச்சிகத்தின் வளைந்த வால் தெரியும். வால் நுனியில் நெருக்கமாக இரண்டு நட்சத்திரங்கள் இருக்கும், அதுதான் மூலம். அந்த ஜோடியைப் பைனாகுலர் வட்டத்தின் கீழ் ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, மெல்ல இடது பக்கம் நகர்த்தினால் எம்7 உள்ளே வந்துவிடும். அதற்கு வலது மேலே இருக்கும் சிறிய கொத்து எம்6. கம்பி வளையத்தை அட்லஸில் வைத்துப் பார்த்தால், மூலமும் இரண்டு கொத்துகளும் ஒரே வட்டத்துக்குள் அடங்குவது தெரியும்.

சரியான இடத்தைத்தான் பார்க்கிறோமா என்ற சந்தேகம் வரலாம். அந்தப் பகுதியில் பால்வீதி அடர்த்தியாக இருப்பதால், வேறொரு வெளிச்சத் திட்டை எம்7 என்று நினைத்துவிட இடமுண்டு. எம்7 வெறும் திட்டாக நிற்காது, தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். புள்ளிகள் கோடுகளாக இழுபட்டால் கை நடுங்குகிறது என்று அர்த்தம். முழங்கைகளை மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டால் சரியாகிவிடும். அட்லஸைப் பார்க்கும் டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டாவிட்டால், இருட்டுக்குப் பழகிய கண் மறுபடி பழக 20 நிமிடங்களாவது ஆகும்.

இதே கணக்கை ஒமேகா சென்டாரி என்ற கோளக் கொத்துக்கும் போடலாம். அது தெற்கே 47.5 பாகையில் இருக்கிறது, லண்டனில் உதிப்பதே இல்லை. கன்னியாகுமரியில், மே மாதக் கடைசியில், இரவு 9 மணியை ஒட்டி 34 பாகை உயரத்தில் இருக்கும். பைனாகுலரில் அது பஞ்சு உருண்டை போலத் தெரியும், நட்சத்திரங்களாகப் பிரியாது. அதற்குத் தொலைநோக்கி வேண்டும்.