கொடி இன்றைக்கு, நட்சத்திரம் என்றைக்கும்

யாருடைய போனிலாவது 'Favourites' பகுதியைத் திறந்து பாருங்கள். குழந்தையின் முதல் பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்தில் ரேஷன் கார்டு இருக்கும். அடுத்தது கரண்ட் பில் ரசீது. பிடித்ததற்கும் இதயம், பிறகு தேவைப்படும் என்பதற்கும் அதே இதயம். படங்கள் சில நூறாக இருக்கும்வரை சமாளிக்கலாம். பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டால், அந்த இதயத்தை நம்பி எதையும் தேட முடியாது. கார்டு, பில்லுக்கெல்லாம் தனி ஆல்பம் ஒன்று போட்டுவிட்டு, இதயத்தைப் பிடித்த படங்களுக்கு மட்டும் விட்டுவைப்பது நல்லது.

கணினியில் லைட்ரூம் கிளாசிக் போன்ற செயலி வைத்திருப்பவர்களுக்குக் கொடி, நட்சத்திரம் என்று இரண்டு அடையாளங்கள் கிடைக்கின்றன. இரண்டையும் ஒரே வேலைக்குப் பயன்படுத்துவதால்தான் குழப்பம் வருகிறது. 'வைக்கலாமா, வேண்டாமா' என்ற அன்றைய கேள்விக்குக் கொடி. 'எவ்வளவு நல்ல படம்' என்ற நீண்டகாலக் கேள்விக்கு நட்சத்திரம்.

ஒரு வீட்டுக் கல்யாணத்தில் 1,200 படங்கள் எடுத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் நட்சத்திரத்தைத் தொடவே வேண்டாம். Caps Lock-ஐப் போட்டுவிட்டால், ஒரு படத்துக்கு அடையாளம் இட்டதும் அடுத்த படம் தானாக வந்துவிடும். நன்றாக இருந்தால் P, குலுங்கியதோ கண் மூடியதோ என்றால் X. சந்தேகம் வந்தால் எதையும் அழுத்தாமல் அம்புக்குறியால் நகர்ந்துவிடுங்கள். தாலி கட்டும் நேரத்தில் தொடர்ச்சியாக எடுத்த 20 படங்கள் வரும்போதுதான் கை நின்றுவிடும். அந்த இருபதையும் தேர்வு செய்து N அழுத்தினால் எல்லாம் ஒரே திரையில் விரியும். தோற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் ஒன்றிரண்டு மிஞ்சும்.

X போட்டவற்றை மட்டும் வடிகட்டி ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு Ctrl + Backspace. பார்க்காமல் அழிக்காதீர்கள்: மங்கலாக இருந்தாலும், தாத்தா சிரித்த படம் அது ஒன்றுதான் என்றிருக்கலாம். அப்போது வரும் பெட்டியில் Remove என்பது பட்டியலிலிருந்து மட்டும் நீக்கும், Delete from Disk என்பது கோப்பையே நீக்கும்.

இப்போது நட்சத்திரம். P வாங்கிய படங்களுக்கெல்லாம் மொத்தமாக 1. ஆல்பத்தில் போகத் தகுந்தவற்றுக்கு 3, சுவரில் மாட்டலாம் என்றால் 4. ஐந்தை அன்றைக்கே கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. கல்யாணக் களை தீராத கண்ணுக்கு எல்லாமே பிரமாதமாகத் தெரியும். ஒரு வருடம் கழித்து 4 வாங்கியவற்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். பாதி 3-க்கு இறங்கும், இரண்டோ மூன்றோ 5-க்கு ஏறும். இறக்குவதற்குக் கூச்சப்படக் கூடாது. நாலு நட்சத்திரப் படங்கள் குவியலாகக் கிடந்தால், கை தாராளமாகிவிட்டது என்று பொருள்.

வேலை முடிந்ததும் எல்லாப் படங்களையும் தேர்வு செய்து U அழுத்திக் கொடிகளை எடுத்துவிடுங்கள். அடுத்து அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு படப் புத்தகம் போட வேண்டும் என்றால், பழைய கொடிகள் குறுக்கே வராமல் புதிதாகக் கொடி நட்டுத் தேடலாம்.

நீண்டகாலத் தீர்ப்பை நட்சத்திரத்திடம் ஒப்படைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. நட்சத்திர எண்ணைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்க XMP என்ற பொது முறை இருக்கிறது. பல செயலிகள் அதைப் படிக்கும். கொடியைப் படிக்கும் செயலிகள் குறைவு. போனில் போட்ட இதயமோ பெரும்பாலும் அந்தச் செயலியோடு நின்றுவிடும். ஆப்பிள் நிறுவனம் 2014-ல் அப்பெர்ச்சர் செயலியைக் கைவிடுவதாக அறிவித்தது. 2015-ல் அதன் இடத்துக்கு போட்டோஸ் வந்தது. அதில் நட்சத்திரமே கிடையாது. பழைய நூலகத்தை மாற்றியவர்களின் நட்சத்திரங்களும் கொடிகளும் வெறும் குறிச்சொற்களாக மாறிப்போயின. செயலிக்கு ஆயுள் குறைவு, படத்துக்கு அதிகம்.

ஆனால் லைட்ரூம் கிளாசிக், நீங்கள் சொல்லாதவரை நட்சத்திரத்தைத் தன் பட்டியலில் மட்டுமே வைத்திருக்கும். படங்களைத் தேர்வு செய்து Ctrl + S அழுத்தினால் கோப்பில் எழுதும். RAW படங்களுக்குப் பக்கத்தில்.xmp என்ற சிறு கோப்பு ஒன்றை உருவாக்கும். படங்களை இடம் மாற்றும்போது அதையும் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும்.

சோதிப்பது எளிது. நட்சத்திரம் போட்ட ஒரு JPG படத்தை விண்டோஸில் ரைட் கிளிக் செய்து Properties, Details என்று போய் Rating வரியைப் பாருங்கள். அங்கே காலியாக இருந்தால், இத்தனை நாள் போட்ட நட்சத்திரம் எதுவும் இன்னும் படத்துக்குப் போய்ச் சேரவில்லை. இன்றைக்கே Ctrl + S அழுத்திவிடுங்கள்.