கோடு ஏறுதா, இறங்குதா?

இன்னைக்கு ஒரே ஒரு கணக்கு வகுப்பைப் பத்திப் பேசலாம். ஒன்பதாம் வகுப்பு, y = 2x + 1 என்ற நேர்கோட்டை வரைபடத்தில் குறிக்கிற பாடம். அந்த வகுப்பில் ஒரு மாணவிக்குப் பார்வை கிடையாது. அவங்க விரலால் தொட்டுப் படிக்க வேண்டிய வரைபடத்தை நான்தான் செஞ்சு கொடுத்தேன். தப்பா செஞ்சு கொடுத்தேன்.

செய்முறை சுலபம்தான். தடிமனான தாளை ரப்பர் ஷீட் மேல வச்சு, தையல்காரங்க துணியில் கோடு போடற பல் சக்கரத்தை அழுத்தி உருட்டணும். தாளோட மறுபக்கம் புள்ளிப் புள்ளியா மேடு எழும்பும். கட்டங்களை ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் லேசா உருட்டினேன். அச்சுகளைக் கொஞ்சம் அழுத்தி. கோட்டை இன்னும் பலமா. எல்லாமே ஒரே உயரத்தில் இருந்தா விரலுக்கு எது கட்டம், எது கோடுன்னு தெரியாது. சாதாரண கிராஃப் தாளின் மில்லிமீட்டர் கட்டங்களை அப்படியே எழுப்பினா, வெறும் சொரசொரப்புதான் மிஞ்சும்.

வகுப்பில் சார் கேட்டார்: "கோடு y அச்சை எங்கம்மா வெட்டுது?" எண்ணிப் பார்த்து "ஒண்ணுல சார்"னு சொன்னாங்க. சரி. "வலது பக்கம் போகப்போக ஏறுதா, இறங்குதா?" "இறங்குது சார்." பசங்க சிரிச்சாங்க. ஆனா அவங்க கையில் இருந்த தாளின்படி அதுதான் சரியான பதில்!

நான் சக்கரம் உருட்டினது ஒரு பக்கம், அவங்க தொடறது மறுபக்கம். இடமும் வலமும் மாறி, கோடு y = −2x + 1 ஆயிடுச்சு. (0, 1) மட்டும் அச்சு மேலேயே இருக்கறதால இடம் மாறல. அதனாலதான் முதல் கேள்வியில் தப்பு வெளியே வரல. இப்போ (1, 3)ஐ, உருட்டற பக்கத்தில் (−1, 3)ல வைக்கறேன். முடிச்சதும் தாளைத் திருப்பி, கண்ணை மூடிக்கிட்டு அந்தப் புள்ளியை நானே தேடிப் பார்ப்பேன். தாளைத் தலைகீழாப் பிடிச்சுடாம இருக்க மேல் வலது மூலையை வெட்டிடறேன். ஆதிப்புள்ளியில் ஒரு கல் வச்ச ஸ்டிக்கர் பொட்டு.

தாள் சரியானதும் பேச்சுல பிரச்சினை. "ரெண்டு எக்ஸ் கூட்டல் ஒண்ணு"ன்னு சார் சொன்னா, அது 2x + 1ஆ, 2(x + 1)ஆ? x = 1க்கு முதலாவது 3, ரெண்டாவது 4. போர்டைப் பார்க்கறவங்களுக்குக் குழப்பமே இல்லை. அதனால அடைப்புக்குறி எங்க திறக்குது, எங்க மூடுதுன்னும் வாயால சொல்லணும். "இதை இங்க கொண்டு வாங்க"ங்கிறதுக்குப் பதிலா, முதல்ல முழு உருவம்: "கோடு கீழ் இடது பக்கத்துல ஆரம்பிச்சு மேல் வலது பக்கம் போகுது." அப்புறம் புள்ளிகள். விரல் ஒரு புள்ளியைத் தேடிக்கிட்டு இருக்கும்போது அடுத்த புள்ளியைச் சொல்லக்கூடாது. "கிடைச்சுது சார்"னு குரல் வரட்டும். அவங்க கையைப் பிடிச்சு இழுத்துக் காட்டவும் வேணாம்.

"புரிஞ்சுதா?"ன்னு கேட்டா எல்லாருமே தலையாட்டுவாங்க. சார் இப்போ கேட்கறது, "x ரெண்டா இருக்கும்போது கோடு எந்த உயரத்துல இருக்கு, தொட்டுச் சொல்லும்மா." அஞ்சுன்னு வந்தா தாளும் சரி, பாடமும் சரி.