உள்ளே கழித்தால் வலப்பக்கம் நகரும்

தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் பாடநூல் முதல் அத்தியாயத்திலேயே ஒரு வேலையைக் கற்றுத்தருகிறது. தெரிந்த ஒரு வளைவரையை எடுத்துக்கொண்டு, அதை நகர்த்தியும் நீட்டியும் கவிழ்த்தும் புதிய சார்பின் வரைபடத்தைப் பெறுவது. இருபது புள்ளிகளைக் கணக்கிட்டுக் குறிக்கும் பாடு மிச்சமாகிறது. ஆனால் பயிற்சித்தாளில் y = √(2x − 6) என்று ஒரு கேள்வி வந்தால், பல மாணவர்களின் வளைவரை தவறான இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

அடிப்படை வளைவரை y = √x. அது (0, 0)-இல் தொடங்கி (1, 1), (4, 2), (9, 3) வழியாக வலப்பக்கம் மெல்ல ஏறுகிறது. இதில் வர்க்கமூலத்துக்கு வெளியே செய்யும் மாற்றங்கள் யாரையும் குழப்புவதில்லை. √x + 1 என்றால் ஒவ்வொரு புள்ளியும் ஓர் அலகு மேலே போகும். 2√x என்றால் உயரம் இரட்டிப்பாகும். −√x என்றால் வளைவரை x-அச்சுக்குக் கீழே கவிழும். விடை வந்த பிறகு அதன்மேல் செய்யும் வேலை என்பதால், எழுதியிருப்பது அப்படியே நடக்கிறது.

குறிக்கு உள்ளே கை வைக்கும்போதுதான் எல்லாம் தலைகீழாகத் தோன்றுகிறது. √(x − 3) என்று கழித்தால் வளைவரை இடப்பக்கம் போகாமல் வலப்பக்கம் நகர்கிறது. ஏன்? காலை 6 மணிக்குக் கிளம்ப வேண்டிய ரயில் 9 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 11 மணிக்கு அது எங்கே இருக்கும்? மற்ற நாட்களில் 8 மணிக்கு இருக்கும் இடத்தில். அதாவது 11-இலிருந்து 3-ஐக் கழித்துத்தான் பழைய அட்டவணையைப் பார்க்க வேண்டும். கணக்கில் இருப்பது கழித்தல். ஆனால் ரயிலின் பயண வரைபடம் முழுவதும் 3 மணி நேரம் வலப்பக்கம் தள்ளிப்போயிருக்கிறது. √(x − 3)-இலும் இதுவேதான் நடக்கிறது: முன்பு 0-இல் கிடைத்த மதிப்பு கிடைக்க இப்போது x 3 வரை வர வேண்டும்.

பெருக்கலும் இப்படியே. √(2x)-இல் x பாதி தூரம் போனாலே உள்ளே பழைய எண் வந்துவிடும். அதனால் வளைவரை y-அச்சை நோக்கிப் பாதியாகச் சுருங்குகிறது.

இனி √(2x − 6). மாணவர் முதலில் பாதியாகச் சுருக்குகிறார். பிறகு 6 அலகு வலப்பக்கம் நகர்த்துகிறார். வளைவரை x = 6-இல் தொடங்குகிறது. ஆனால் அவர் வரைந்தது √(2(x − 6)), அதாவது √(2x − 12). நகர்த்தலை முதலில் செய்திருந்தால் தொடக்கப்புள்ளி 6-க்குப் போய், பிறகு சுருக்கும்போது 3-க்கு வந்திருக்கும், அது சரி. இல்லையென்றால் 2-ஐப் பொதுக்காரணியாக வெளியே எடுத்து 2(x − 3) என்று எழுதிக்கொள்ளலாம். அப்போது சுருக்கிவிட்டு 3 அலகு நகர்த்தினால் போதும். தவறைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை போதும். உள்ளே இருப்பது எப்போது பூச்சியமாகும்? 2x − 6 = 0 என்றால் x = 3. வரைந்த வளைவரை அங்கே தொடங்கவில்லையென்றால் வரிசை பிசகியிருக்கிறது.

எல்லாம் கலந்து வரும்போது வரிசையை மனப்பாடம் செய்வதைவிடப் புள்ளி புள்ளியாகக் கொண்டுபோவதே நம்பகமானது. y = 1 − √(2x − 6) என்பதை எடுத்துக்கொள்வோம். பழைய வளைவரையின் (4, 2) எங்கே போகும்? உள்ளே 4 வர வேண்டும். 2x − 6 = 4 என்றால் x = 5. வர்க்கமூலம் 2, அதைக் கவிழ்த்தால் −2, ஒன்றைக் கூட்டினால் −1. ஆக, புதிய புள்ளி (5, −1). இதே வழியில் (0, 0) என்பது (3, 1)-க்கும், (1, 1) என்பது (3.5, 0)-க்கும், (9, 3) என்பது (7.5, −2)-க்கும் போகின்றன. இந்த நான்கையும் இணைத்தால் (3, 1)-இலிருந்து வலப்பக்கம் இறங்கிச் செல்லும் வளைவரை கிடைத்துவிடுகிறது.

உள்ளே வரும் கழித்தல் குறியையும் இப்படியே பிடிக்கலாம். √(4 − x)-இல் உள்ளே பூச்சியம் வருவது x = 4-இல்; அதற்கு வலப்பக்கம் மெய்யெண் விடையே இல்லை. எனவே வளைவரை 4-இல் தொடங்கி இடப்பக்கமாக ஏறுகிறது. y-அச்சில் பிரதிபலித்த பிறகு "+4 இருக்கிறதே" என்று இடப்பக்கம் நகர்த்துபவர் −4-இல் தொடங்கிவிடுவார்.

இவற்றைப் பழக y = x² அவ்வளவு நல்ல வளைவரை அல்ல. அதை y-அச்சில் பிரதிபலித்தால் ஒரு மாற்றமும் தெரியாது. (2x)² = 4x² என்பதால் அகலத்தைப் பாதியாகச் சுருக்கியதா, உயரத்தை நான்கு மடங்கு நீட்டியதா என்று படத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. √x-இலும் இந்த இரண்டாவது சிக்கல் உண்டு. √(4x)-உம் 2√x-உம் ஒன்றே. மடக்கைச் சார்பு இன்னும் வியப்பானது. பத்தை அடிமானமாகக் கொண்டால் log(10x) = 1 + log x. கிடைமட்டமாகப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிய வளைவரையும் ஓர் அலகு மேலே தூக்கிய வளைவரையும் அங்கே ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்திவிடுகின்றன.