பாக்டீரியாவின் நடுவில் ஒரு வளையம்... அதை உறைய வைத்தால் என்ன ஆகும்?

நல்ல சாப்பாடு, சரியான சூடு. இந்த ரெண்டும் கிடைத்தால் ஈ.கோலி பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். காலையில் ஒன்றாக இருந்தது, ஆறு மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் அது ஒரு வேலையைத் தப்பில்லாமல் செய்தாக வேண்டும்: தன் உடலின் சரியான நடுப்பகுதியைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு சுவர் எழுப்பணும். கொஞ்சம் தள்ளிப்போனால் ஒரு பக்கம் டிஎன்ஏவே இல்லாத வெற்றுப் பை மிஞ்சும்.

இந்த வேலையை நடத்துவது எஃப்.டி.எஸ்.இசட் என்ற ஒரு புரதம். பாக்டீரியாவின் இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டினது போல, அது ஒரு வளையமாக உட்கார்ந்துகொள்ளும். அந்த வளையத்தைக் கெடுத்தால் பாக்டீரியா பிரியாது, பெருகவும் பெருகாது. மருந்து தேடுபவர்களின் கண் இதன்மேல் விழுந்தது அதனால்தான். அவர்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள், எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்பதைப் பார்ப்போம்.

நூல் போல நீண்ட பாக்டீரியா

கதை சில ‘பழுதான’ பாக்டீரியாக்களில் தொடங்குகிறது. மரபணு மாற்றம் கொண்ட சில ஈ.கோலி வகைகள் சாதாரண சூட்டில் ஒழுங்காகப் பிரியும். சூட்டைக் கொஞ்சம் கூட்டினால் பிரிவது நின்றுவிடும், ஆனால் வளர்வது நிற்காது. விளைவு, இரண்டு மைக்ரோமீட்டர் நீளத்தில் இருக்க வேண்டிய செல் நூல் மாதிரி நீண்டுகொண்டே போகும். பிரிவதற்குத் தேவையான ஏதோ ஒரு புரதம் அந்தச் சூட்டில் செயலிழக்கிறது என்று அர்த்தம். அப்படிச் சிக்கியவற்றில் ஒன்றுதான் எஃப்.டி.எஸ்.இசட்.

அது செல்லுக்குள் எங்கே இருக்கிறது? 1991-ல் எர்ஃபெய் பி, ஜோ லுட்கென்ஹாஸ் என்ற இரு விஞ்ஞானிகள், இந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் தங்கத் துகள்களை வைத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பிரியப்போகும் செல்லின் நடுவில் துகள்கள் வளையமாக நின்றன. 1998-ல் யான் லோவ, லிண்டா அமோஸ் இருவரும் இதன் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டார்கள். அப்போது ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. நம் செல்களில் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தின் வடிவமும் இதன் வடிவமும் கிட்டத்தட்ட ஒன்றேதான். இந்த உறவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நடு எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஈ.கோலியிடம் அளவுகோல் எதுவும் கிடையாது. அது ‘இங்கே கட்டு’ என்று சொல்வதற்குப் பதில், ‘இங்கெல்லாம் கட்டாதே’ என்று சொல்லிச் சொல்லியே நடுவுக்கு வந்து சேர்கிறது.

முதல் தடை, மின் என்ற புரதக் கூட்டம். ஒரு தெருவில் ஒரே ஒரு வாட்ச்மேன் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு சட்டென்று மறு முனைக்கு ஓடிப்போய் அங்கே நிற்பார். திரும்ப இந்தப் பக்கம். மின் புரதங்கள் செல்லுக்குள் இதைத்தான் செய்கின்றன, ஒரு சுற்றுக்குச் சுமார் ஒரு நிமிடம். அவை நிற்கும் இடத்தில் எஃப்.டி.எஸ்.இசட் வளையம் கட்ட முடியாது. சராசரியாகப் பார்த்தால், காவல் மிகக் குறைவாக இருக்கும் இடம் நடுத்தெருதான்.

இரண்டாவது தடை டிஎன்ஏவிடமிருந்தே வருகிறது. டிஎன்ஏ மேல் உட்கார்ந்திருக்கும் எஸ்.எல்.எம்.ஏ என்ற புரதம், பக்கத்தில் வளையம் உருவாகாமல் பார்த்துக்கொள்ளும். டிஎன்ஏ இரண்டு பிரதிகளாகி ஆளுக்கொரு பக்கம் விலகிய பிறகே நடுவில் இடம் காலியாகும். மின் புரதங்களை நீக்கிப் பார்த்தபோது, செல்லின் ஓரத்தில் சுவர் எழும்பி, டிஎன்ஏ இல்லாத குட்டிக் குட்டிச் செல்கள் வெளியே வந்தன. காவல் முறை உண்மைதான் என்பதற்கு அதுவே சாட்சி.

சுருக்குப்பையா, சீரியல் லைட்டா?

வளையம் என்றதும், பாட்டியின் சுருக்குப்பை மாதிரி கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும் என்றுதான் தோன்றும். பல வருடங்கள் ஆராய்ச்சியாளர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார்கள். 2017-ல் இரண்டு குழுக்கள் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வுகள் இந்தப் படத்தை மாற்றின.

வளையம் ஒரே கயிறு இல்லை, பல சின்ன இழைகளின் கூட்டம். ஒவ்வொரு இழையிலும் முன்னால் புதுப் புதுப் புரதங்கள் வந்து சேர்கின்றன, பின்னால் இருப்பவை கழன்று போகின்றன. கோயில் திருவிழா சீரியல் லைட்டைப் பாருங்கள். எந்த பல்பும் நகர்வதில்லை, ஆனால் வெளிச்சம் ஓடுகிறது. அதே மாதிரி இழைகள் நொடிக்குச் சுமார் 30 நானோமீட்டர் வேகத்தில் செல்லின் இடுப்பைச் சுற்றி ஓடுகின்றன. கழன்று போவதற்கான சக்தி, ஜி.டி.பி என்ற மூலக்கூறை உடைப்பதிலிருந்து கிடைக்கிறது.

எதற்கு இந்த ஓட்டம்? செல்சுவர் கட்டும் நொதிகளைக் கொத்தனார்கள் என்று வைத்துக்கொண்டால், இந்த இழைகள் அவர்களை இடுப்பைச் சுற்றிச் சீராகப் பரவவைக்கும் மேஸ்திரி. ஒரே இடத்தில் செங்கல் குவியாமல், சுவர் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் உள்நோக்கி வளர்வது அதனால்தான்.

இதிலிருந்து மருந்துக்கு ஒரு முக்கியமான பாடம் கிடைக்கிறது. வளையத்தை உடைக்கணும் என்று அவசியமில்லை. ஓடவிடாமல் உறைய வைத்தாலே போதும்.

ஒரு மருந்தின் கதை: பிசி190723

3-மீத்தாக்ஸிபென்ஸமைடு என்ற சின்ன மூலக்கூறு, செல் பிரிவதைத் தடுக்கும் என்பது முன்பே தெரியும். ஆனால் மிக அதிக அளவில் கொடுத்தால்தான் வேலை செய்யும். அந்த அளவில் அதை மருந்து என்றே சொல்ல முடியாது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பகுதியில் இயங்கிய புரோலிசிஸ் என்ற நிறுவனத்தின் குழு, அதன் அமைப்பை அங்கே இங்கே மாற்றி மாற்றிச் சோதித்தது. 2008-ல் அவர்கள் வெளியிட்டதுதான் பிசி190723. ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் ஒரு மைக்ரோகிராம் இருந்தாலே ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ச்சி நின்றது. வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ வகையும் இதில் அடங்கும். உயிரைப் பறிக்கும் அளவு கிருமி செலுத்தப்பட்ட எலிகளையும் இது காப்பாற்றியது.

மருந்து உண்மையிலேயே எஃப்.டி.எஸ்.இசட்டைத்தான் தாக்குகிறது என்று எப்படி உறுதி செய்தார்கள்? முதல் தடயம் உருவம். கோல் வடிவ பாக்டீரியா நூலாக நீண்டது, உருண்டையான ஸ்டாஃப் பிரிய முடியாமல் ஊதிப் பெருத்தது. இரண்டாவது தடயம்தான் வலுவானது. மருந்து இருந்தும் தப்பி வளர்ந்த பாக்டீரியாக்களைப் பிடித்து அவற்றின் மரபணுவைப் படித்தார்கள். மாற்றம் எஃப்.டி.எஸ்.இசட் மரபணுவில் இருந்தது. பூட்டு மாறியதால் சாவி சேரவில்லை என்றால், சாவி அந்தப் பூட்டுக்கானதுதானே! இந்த மருந்து இழைகளை உடைப்பதில்லை, கலையவிடாமல் கெட்டிப்படுத்துகிறது என்பது பின்னர் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. சீரியல் லைட் நின்றுபோன கதைதான்.

இப்போது அந்த டியூபுலின் உறவு. நம் செல்கள் பிரிவதற்கே டியூபுலின் வேண்டும். புற்றுநோய்க்குத் தரப்படும் டாக்ஸால் அதைத்தான் தாக்குகிறது. அப்படியென்றால் இந்த மருந்து நம்மையும் பதம் பார்க்காதா? நியாயமான பயம். ஆனால் இரண்டு புரதங்களுக்கும் வடிவம்தான் ஒன்று, அமினோ அமில வரிசை பெரும்பாலும் வேறு. பிசி190723 போய் உட்காரும் இடுக்கு டியூபுலினில் அதே மாதிரி இல்லை. சோதனையிலும் டியூபுலின் பாதிக்கப்படவில்லை.

அப்புறம் ஏன் மெடிக்கல் ஷாப்பில் இல்லை?

முதல் சிக்கல், அது தண்ணீரில் சரியாகக் கரையாது. உடலுக்குள் போனாலும் சீக்கிரம் சிதைந்துவிடும். சிதைவு தொடங்குவது மூலக்கூறில் இருக்கும் ஒரு குளோரின் அணுவில். அமெரிக்காவில் உருவான டிஎக்ஸ்ஏ709 என்ற அடுத்த தலைமுறை மூலக்கூறில், அந்தக் குளோரினை எடுத்துவிட்டு மூன்று ஃபுளோரின் கொண்ட ஒரு குழுவை வைத்தார்கள். அதனால் மருந்து உடலில் கூடுதல் நேரம் தாங்கியது.

இரண்டாவது, இது எல்லா பாக்டீரியாவிடமும் எடுபடாது. ஈ.கோலி போன்றவற்றுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு. உள்ளே நுழைந்ததையும் வெளியே தள்ளும் பம்புகளும் உண்டு.

மூன்றாவது, எதிர்ப்பு. ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலே பாக்டீரியா தப்பிக்க முடியும். இங்கேதான் ட்விஸ்ட். 2012-ல் மெர்க் நிறுவன ஆய்வாளர்கள் பிசி190723-ஐ இமிபெனெம் என்ற, பென்சிலின் குடும்பத்துக்கு நெருங்கிய மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். இமிபெனெமுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ, இந்தக் கூட்டணிக்கு அடங்கியது. மேஸ்திரி தடுமாறினால் கொத்தனார்களும் இடம் மாறிப்போகிறார்கள், அந்த நேரத்தில் அவர்களைத் தாக்குவது சுலபம். எதிர்ப்போடு தப்பும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கையும் குறைந்தது. தனியாக இறங்குவதைவிட, பழைய மருந்துக்குத் துணையாக வருவதுதான் இந்த வகை மருந்துகளுக்கு நம்பிக்கையான வழியாகத் தெரிகிறது.

மஞ்சள் செய்தி வந்தால்...

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மஞ்சளில் இருக்கும் குர்குமின், எஃப்.டி.எஸ்.இசட் இழைகள் சேர்வதைத் தடுக்கிறது என்று 2008-ல் ஐஐடி பம்பாய் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது சோதனைக்குழாய் மற்றும் பாக்டீரியா வளர்ப்பில் கண்டது. அங்கிருந்து மாத்திரைக்கு நீண்ட தூரம். குர்குமின் பல புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் குணம் கொண்டது, அதனால் அது எதைத் தாக்குகிறது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இந்தத் துறையில் இப்படி ஏமாற்றம் தந்த மூலக்கூறுகள் நிறைய. சில மூலக்கூறுகள் திரவத்தில் சின்ன உருண்டைகளாகத் திரண்டு, அருகில் இருக்கும் எந்தப் புரதத்தையும் தம்மேல் ஒட்டவைத்துச் செயலிழக்க வைக்கும். பார்ப்பதற்கு மருந்து வேலை செய்வது போலவே இருக்கும். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கொஞ்சம் சோப்பு வகை ரசாயனத்தைச் சேர்ப்பார்கள். உருண்டைகள் கரைந்து, ‘மருந்தின்’ பலனும் காணாமல் போனால், அது பொய்யான வெற்றி.

ஆக, அடுத்த முறை ‘பாக்டீரியா பிரிவதைத் தடுக்கும் புதிய மருந்து’ என்று ஒரு ஃபார்வர்டு வந்தால், மூன்று விஷயம் தேடுங்கள். தப்பிய பாக்டீரியாவின் எஃப்.டி.எஸ்.இசட் மரபணுவில் மாற்றம் இருந்ததா? டியூபுலினைத் தொடவில்லை என்று சோதித்தார்களா? விலங்கின் உடலில் வேலை செய்ததா? பிசி190723 இந்த மூன்றையும் தாண்டியது. அதுவே இன்னும் மாத்திரை அட்டைக்கு வந்து சேரவில்லை.