கூடப் பிறந்தவர்கள் கூடினால் உயரம் குறையுமா?

ஐந்தாறு பிள்ளைகள் உள்ள வீட்டில் கடைசிப் பிள்ளை குட்டையாக இருந்தால், "வயிற்றில் சத்து தீர்ந்துபோன பிறகு பிறந்தது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அவர்கள் கண்ணில் பட்டது பொய்யல்ல. பல நாடுகளில் அளந்து பார்த்ததில், சராசரியாக எடுத்துக்கொண்டால் பெரிய குடும்பத்துப் பிள்ளைகளின் உயரம் சற்றுக் குறைவாகவே இருக்கிறது. ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் சரியல்ல. பொதுவாகத் தலைப்பிள்ளைதான் எடை குறைவாகப் பிறக்கிறது. அடுத்தடுத்த பிள்ளைகள் கொஞ்சம் கூடுதல் எடையோடு பிறக்கிறார்கள். பிறக்கும்போது பின்தங்கியிருந்த மூத்தது பிறகு முந்திக்கொள்கிறது என்றால், வித்தியாசத்தின் பெரும்பகுதி பிறந்த பிறகுதான் உண்டாகிறது.

1937–39இல் எடுத்த அளவுகள்

இதைத் தெளிவாகக் காட்டும் பதிவு பிரிட்டனில் இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஊட்டச்சத்து அறிஞர் ஜான் பாய்ட் ஓர் தலைமையில் 1937 முதல் 1939 வரை இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 1,352 குடும்பங்களை ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவை ஏழைக் குடும்பங்கள். வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று குறித்துக்கொண்டதோடு, பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் அளந்து வைத்தார்கள்.

பல பத்தாண்டுகள் கழித்து டிமத்தி ஹட்டன், ரிச்சர்ட் மார்ட்டின் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளைப் புரட்டிக் கணக்கிட்டார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை ஏற ஏற உயரம் குறைந்தது. ஒரே வீட்டிலும் பின்னால் பிறந்தவர்களின் உயரம் குறைவாக இருந்தது. வருமானத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தக் குறை முழுதாக மறையவில்லை. மிஞ்சிய பகுதி வீட்டு நெரிசலோடும், அதைவிட முக்கியமாக வீட்டின் சுத்தத்தோடும் சேர்ந்து போனது. ஆக, பங்கிட்ட சோறு ஒரு காரணம், தொற்றிய நோய் இன்னொரு காரணம். என் பார்வையில் இரண்டாவதைத்தான் நாம் அதிகம் மறந்துவிடுகிறோம்.

உயரத்துக்கு ஏற்ற எடையில் மட்டும் இந்த வித்தியாசம் தெரியவில்லை. காய்ச்சலில் இளைத்த பிள்ளை சில வாரங்களில் தேறிவிடும். குழந்தைப் பருவத்தில் திரும்பத் திரும்ப இழந்த உயரத்தை மீட்பது அவ்வளவு எளிதல்ல. அதனால்தான் நன்றாகக் கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையும் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கலாம்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்

மூத்தவளுக்கு ஐந்து வயது, பள்ளிக்குப் போகிறாள். நடுவில் பிறந்தவனுக்கு மூன்று வயது, அங்கன்வாடிக்குப் போகிறான். கடைசிக்கு எட்டு மாதம், தரையில் தவழ்கிறது. அக்கா எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது வெளியிலிருந்து சளியையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவர வீட்டில் வேறு பிள்ளை இல்லை. கடைக்குட்டிக்கு இப்போது இரண்டு பேர் கொண்டுவருகிறார்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் பசி குறையும், சாப்பிட்டதும் குடலில் சரியாகச் சேராது, காய்ச்சல் இருக்கும் சத்தையும் எரிக்கும். அந்த நாட்களில் எலும்பு முனைகளில் வளர்ச்சி தளர்கிறது. குணமான பின் நன்றாக ஊட்டினால் விட்டதைப் பிடித்துவிடும். ஆனால் அதற்குள் அடுத்த நோய் வந்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். முதல் ஆண்டில் குழந்தை ஏறக்குறைய 25 செ.மீ. வளர்வதால், அப்போது நேரும் தடை பெரிதாகப் பாதிக்கிறது. மசித்த சோற்றைப் பொறுமையாக ஊட்ட அம்மாவுக்கு நேரமும் குறைகிறது. இதற்கிடையில் அவள் மறுபடி கருவுற்றால் பல வீடுகளில் தாய்ப்பாலை நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் அதற்கு அவசியமே இல்லை. மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுறுதலுக்கும் நடுவே குறைந்தது 24 மாதம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இந்தியாவில்

சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்தியக் குழந்தைகளை ஆப்பிரிக்கக் குழந்தைகளோடு ஒப்பிட்டது. இங்கே தலைப்பிள்ளைகள் அங்குள்ளவர்களைவிடக் குட்டையாக இல்லை. அடுத்தடுத்த பிள்ளைகளிடம்தான் இந்தியாவின் சரிவு செங்குத்தாக இருந்தது. மூத்த மகனுக்குத் தரும் முன்னுரிமையை அவர்கள் முக்கியக் காரணமாகக் காட்டினார்கள். ஆனால் அதிகப் பிள்ளைகள் பெறும் குடும்பங்கள் பல இடங்களில் ஏழைக் குடும்பங்களாகவும் இருப்பதால், வறுமையின் விளைவை எண்ணிக்கையின் விளைவாக எண்ணிவிடும் ஆபத்து இத்தகைய கணக்குகளில் உண்டு. உண்ண உணவும் சுத்தமான தண்ணீரும் உள்ள வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதைவிடப் பெற்றோரின் உயரமே பிள்ளையின் உயரத்தை அதிகம் தீர்மானிக்கிறது.

உங்கள் பிள்ளையை எப்படிப் பார்ப்பது?

அண்ணனோடு நிறுத்தி ஒப்பிட வேண்டாம். அங்கன்வாடியிலோ மருத்துவரிடமோ உள்ள வளர்ச்சி வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு வயதுக்குள் என்றால் படுக்க வைத்து அளக்க வேண்டும். ஐந்து வயதுக்கான நடு அளவு ஆணுக்கு 110 செ.மீ., பெண்ணுக்கு 109.4 செ.மீ. ஐந்து வயதுப் பையன் 100.7 செ.மீ.க்கும், பெண் 99.9 செ.மீ.க்கும் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றியதாகக் கணக்கு.

ஒரு தடவை எடுத்த அளவு அவ்வளவாகச் சொல்லாது. கோடு கீழே இருந்தாலும் வரைபடத்தின் வளைவோடு சேர்ந்து ஏறுகிறது, பெற்றோரும் குள்ளம் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. முன்பு மேலே இருந்த கோடு வளைவுகளைத் தாண்டிக் கீழே இறங்கினாலோ, பள்ளி வயதில் ஆண்டுக்கு 4 செ.மீ.கூட வளரவில்லை என்றாலோ, "கடைக்குட்டி அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு குறைபாடு, குடல் நோய், வளர்ச்சி ஹார்மோன் குறை போன்றவற்றை மருத்துவர் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு, சீக்கிரம் தொடங்கினால் பலனும் கூடும்.