சிறுவர் பத்தியில் எழுவாயும் பயனிலையும்

எழுவாயின் திணை, பால், எண், இடம் ஆகியவற்றுக்கு ஏற்பப் பயனிலை முடிவது தமிழ்த் தொடரின் அடிப்படை விதி. சிறுவர் எழுதும் பத்தியில் இது எங்கே தவறுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம்.

"நேற்று நானும் தம்பியும் தாத்தா வீட்டுக்குப் போனேன். அங்கே இரண்டு மாடுகள் நின்றது. மாடுகளின் மணி ஒலித்தன. கோழிகள் ஓடியது. பாட்டி முறுக்குக் கொடுத்தது."

முதல் தொடரில் போனவர் இருவர். தன்னோடு தம்பியையும் சேர்த்துச் சொல்வதால் தன்மைப் பன்மையில் "போனோம்" என்று முடிய வேண்டும்.

இரண்டாம் தொடரின் பிழைதான் மிகுதியாகக் காணப்படுவது. பேச்சில் "மாடு நிக்குது", "மாடுங்க நிக்குது" என இரண்டுக்கும் ஒரே முடிவைச் சொல்கிறோம். குழந்தை காதில் கேட்டதையே எழுதுகிறது. அதைக் கவனக்குறைவு என்று சொல்வது சரியன்று. எழுத்துத் தமிழில் ஒருமைக்கு "நின்றது", பன்மைக்கு "நின்றன". "கள்" இல்லாமல் "மாடு நின்றன" என்றாலும் பன்மையே. இத்தகைய பெயரைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர். அங்கே ஒன்றா பலவா என்று காட்டுவது வினைமுற்று மட்டுமே.

"து" இருக்கும் இடத்தில் "ன" போட்டால் போதும் என்று சொல்லிக்கொடுத்தால் வேறு பிழை வரும். "கோழிகள் ஓடியது" என்பதைத் திருத்தச் சொன்னால் "ஓடியன" என்று எழுதுவார்கள். "ஓடின" என்பதே வழக்கு. நிகழ்காலத்தில் "மேய்கிறது" என்பதன் பன்மை "மேய்கின்றன". "மேய்கிறன" என்ற வடிவம் இல்லை. எதிர்காலத்தில் இந்தச் சிக்கலே எழாது. மாடு மேயும், மாடுகள் மேயும் என இரண்டுக்கும் ஒரே சொல். ஆகவே எதிர்காலத்தில் எழுதிய பத்தியைக் கொண்டு மாணவருக்கு இவ்விதி தெரியுமா என்று அறிய முடியாது.

மூன்றாம் தொடரில் பிழை எதிர்த்திசையில் உள்ளது. முன்னால் நிற்கும் "மாடுகளின்" என்ற பன்மை குழந்தையை இழுத்துவிட்டது. வினையிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்: ஒலித்தது எது? மணி. அது ஒன்றே என்றால் "ஒலித்தது" என்பதே சரி. பல மணிகள் என்றால் "மணிகள் ஒலித்தன". இன், கு, ஐ போன்ற வேற்றுமை உருபு ஏற்ற சொல் எழுவாய் ஆகாது என்பதை நினைவில் வைத்தால் இந்த இழுப்பில் சிக்காமல் இருக்கலாம்.

கடைசித் தொடரும் பேச்சிலிருந்து வந்ததே. பல வட்டாரங்களில் "பாட்டி குடுத்துச்சு" என்பது அன்பான பேச்சு, மரியாதைக் குறைவு அன்று. எழுத்தில் பாட்டி உயர்திணை. "கொடுத்தாள்" என்பது இலக்கணப்படி சரியே, மரியாதை கருதிக் "கொடுத்தார்" என்று எழுதுகிறோம். ஆனால் "குழந்தை சிரித்தது" என்று எழுதினால் அதைத் திருத்த வேண்டியதில்லை. குழந்தையை அஃறிணை முடிவுடன் சொல்வது எழுத்திலும் ஏற்கப்பட்ட வழக்கு.