சொன்னதை மட்டும், சொன்னது முழுவதையும்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் நடந்தால், வங்காள எழுத்தில் பெயர்ப் பலகைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று பல இடங்களிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் இங்குள்ள லாட்ஜுகளில் நாள் கணக்கில் தங்குகிறார்கள். ரிசப்ஷனில் வேலை பார்க்கும் இளைஞர்கள் கேட்டுக் கேட்டே கொஞ்சம் இந்தியும் கொஞ்சம் வங்காளமும் பழகிவிடுகிறார்கள். அறை வாடகை, வெந்நீர், ஆட்டோ, சாப்பாட்டுப் பார்சல் ஆகியவற்றுக்கு அந்தப் பேச்சு போதும். இதே இளைஞரை நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் நிறுத்தும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

ஓர் இரவைக் கற்பனை செய்துகொள்வோம். மணி பதினொன்று. அறுபது வயதுச் சர்க்கரை நோயாளி ஒருவரின் மனைவி பதற்றத்தோடு மாடியிலிருந்து இறங்கி வருகிறார். அவர் வங்காளத்தில் சொல்வது இது: “ஒரு மணி நேரமா அவருக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது. சட்டை நனையற அளவுக்கு வியர்க்குது. கை நடுங்குது. எட்டு மணிக்குச் சர்க்கரை மாத்திரை போட்டார், ஆனா குமட்டலா இருக்குன்னு சாப்பிடவே இல்லை. கேஸா இருக்குமோன்னு அவரே கேக்கறார்.”

ரிசப்ஷன் தம்பி, லாட்ஜுக்குப் பழக்கமான டாக்டரைப் போனில் பிடிக்கிறார். “சார், ரூம்ல ஒருத்தருக்கு நெஞ்சுல என்னமோ பண்ணுதாம். கேஸ் பிராப்ளம்னு சொல்றாங்க.”

“சாப்பிட்டாரா?”

“சாப்பிட்டாரு சார், நான்தான் பார்சல் வாங்கிக் குடுத்தேன்.”

“அப்ப ஆன்டாசிட் ஒண்ணு குடுங்க. காலைல கூட்டிட்டு வாங்க.”

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. உதவத்தான் ஓடினார். ஆனாலும் அந்த அம்மா சொன்னதில் முக்கியமான எதுவும் டாக்டருக்குப் போய்ச் சேரவில்லை. வியர்வையும் நடுக்கமும் விழுந்துவிட்டன. மாத்திரை போட்ட நேரம் விழுந்துவிட்டது. கணவர் சந்தேகமாகக் கேட்ட கேள்வி, நோயின் பெயராகவே மாறிவிட்டது. எல்லாவற்றையும்விடக் கேடானது கடைசிப் பதில். டாக்டரின் கேள்வி அந்த அம்மாவிடம் போகவே இல்லை. பார்சல் வாங்கிக் கொடுத்தது தெரியும் என்பதால் சாப்பிட்டிருப்பார் என்று தம்பியே முடிவு செய்துவிட்டார். பிரிக்காத பொட்டலம் மேலே மேசையில் கிடக்கிறது.

சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால், சில மாத்திரைகளில் ரத்தச் சர்க்கரை 70-க்கும் கீழே இறங்கிவிடும். படபடப்பு, வியர்வை, நடுக்கம் எல்லாம் அதை உடம்பு அறிவிக்கும் விதம். கவனிக்காமல் படுக்கவைத்தால் வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு வந்தாலும் இப்படித்தான் வியர்க்கக்கூடும். எதுவாக இருந்தாலும் ஆன்டாசிட் மருந்தல்ல. முழுவதையும் கேட்டிருந்தால், டாக்டர் உடனே சர்க்கரையைச் சோதிக்கச் சொல்லியிருப்பார். குறைவாக இருந்து, நோயாளி விழுங்கும் நிலையிலும் இருந்தால், தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கலந்து கொடுத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்கச் சொல்லியிருப்பார். தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லியிருப்பார்.

இப்படி விடுபடுவது அபூர்வமல்ல. அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் குழந்தை மருத்துவர்களைச் சந்தித்த 13 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து, கிளென் ஃப்ளோரஸ் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் 2003-இல் ஆய்வு வெளியிட்டார்கள். சராசரியாக ஒரு சந்திப்புக்கு 31 பிழைகள். அவற்றில் பாதிக்கும் மேல், சொன்னதை விட்டுவிட்ட பிழைகள். மருந்து ஒவ்வாமை பற்றிய கேள்வியையே சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். முகத்துக்கு மட்டும் தடவச் சொன்ன களிம்பை உடம்பு முழுக்கத் தடவச் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி பெற்றவர்களும் தவறினார்கள். ஆனால் கையில் கிடைத்தவரை வைத்துப் பேசிய இடங்களில், நோயாளியைப் பாதிக்கக்கூடிய பிழைகளின் பங்கு இன்னும் அதிகம்.

விட்டுப்போவதற்கு முதல் காரணம் நினைவு. பதறிப்போன ஒருவர் அரை நிமிடம் மூச்சுவிடாமல் பேசினால், கேட்கிறவர் மனம் சாரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை உதறிவிடும். எது சாரம் என்று தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர். அதனால், இரண்டு வாக்கியம் முடிந்ததும் கையைக் காட்டி நிறுத்த வேண்டும். அதைச் சொல்லி முடித்த பிறகே அடுத்தது. இது மரியாதைக் குறைவு என்று நம் பிள்ளைகள் தயங்குவார்கள். “நான் முழுசா சொல்லணும்னா நீங்க கொஞ்சம் கொஞ்சமா பேசணும்” என்று முதலிலேயே இரு பக்கமும் சொல்லிவிட்டால் தயக்கம் இருக்காது. நேரம், மாத்திரைப் பெயர், அளவு ஆகியவற்றைக் காதால் கடத்தாமல் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். மாத்திரை அட்டையையே கையில் வாங்கிப் பெயரைப் படிப்பது இன்னும் நல்லது.

வெட்கம் இன்னொரு காரணம். மாதவிடாய், மலச்சிக்கல், சிறுநீர் என்று வரும்போது இருபது வயதுப் பையன் மழுப்பிவிடுவான். பெண் விருந்தினரும் அவனிடம் பாதியைத்தான் சொல்வார். அங்கே பெண் ஊழியர் ஒருவரை அழைப்பதுதான் சரி.

கூட்டிச் சொல்வதைத் தடுக்க, விருந்தினர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே தன்மையில் பேசுவது நல்ல வழி. ‘எனக்கு வியர்க்குது’ என்று அவர் சொன்னால் ‘எனக்கு வியர்க்குது’ என்றே சொல்ல வேண்டும். ‘அவருக்கு வியர்க்குதாம்’ என்று தொடங்கினால், நாம் கதை சொல்பவராகிவிடுகிறோம். நம் கருத்தும் ஒட்டிக்கொண்டு வரும். அந்த ‘ஆம்’ தமிழில் ஒரு சந்தேகத்தையும் சேர்த்துவிடும். கேள்வி யாரிடம் கேட்கப்பட்டதோ அவரிடமே போக வேண்டும், பதில் நமக்குத் தெரிந்திருந்தாலும். தெரிந்த தகவலைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், “சார், இது நான் சொல்றது: எட்டரைக்குப் பார்சல் குடுத்தேன், சாப்பிட்டாங்களான்னு தெரியாது” என்று பிரித்துச் சொல்லலாம். புரியாத சொல் வந்தால் ஊகிக்கக் கூடாது. “இந்த வார்த்தை எனக்குத் தெரியலை, வேற மாதிரி சொல்லச் சொல்றேன்” என்பது டாக்டருக்கே பயன்படும் தகவல். கடைசியில் டாக்டர் சொன்னதை விருந்தினரையே திருப்பிச் சொல்லவைக்க வேண்டும். ‘புரிஞ்சுதா’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘ராத்திரி என்ன செய்யப் போறீங்க, சொல்லுங்க’ என்று கேட்டால்தான் தவறு வெளியே வரும்.

போனைக் கவுன்டரிலிருந்து பேசாமல், நோயாளியின் அறைக்கே எடுத்துப்போய் ஸ்பீக்கரில் போடுவதும் பெரிய மாற்றம் தரும். டாக்டர் கேட்கும்போதே நோயாளியைப் பார்க்கலாம், கேட்கலாம்.

இவ்வளவு செய்தாலும் லாட்ஜ் ஊழியர் ஒதுங்க வேண்டிய இடங்கள் உண்டு. அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் கையெழுத்து வாங்கும்போதும், கடுமையான நோயை முதன்முறை தெரிவிக்கும்போதும் அவர் நடுவில் இருக்கக் கூடாது. அதற்கு அந்த மொழி தெரிந்த மருத்துவர், நர்ஸ் அல்லது தேர்ந்த மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும்படி மருத்துவமனையிடம் கேட்க வேண்டும். அறையில் பணம் காணாமல்போய் விருந்தினர் போலீசில் புகார் சொல்லும்போதும் அப்படியே. சந்தேகப்படுவது தன்னோடு வேலை பார்க்கும் ரூம் பாய் மீது என்றால், ‘எடுத்துட்டான்’ என்பது அவர் வாயில் ‘எங்கேயோ விட்டிருக்கலாம்’ என்று மாறிவிடும். அவர் நேர்மையானவராக இருந்தாலும்கூட. “நான் இந்த லாட்ஜ்ல வேலை பாக்கறவன், இதுக்கு வேற ஆள் வேணும்” என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்ல, முதலாளி அவருக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்திருக்க வேண்டும்.